வரி பூஜ்ஜியம்தான்... அப்போ ரிட்டர்ன் போட வேண்டாமா? விருத்தாசலத்தில் இருந்து ஒரு கணக்கு

"மாசம் பதினெட்டாயிரம் சம்பளம். இதுக்கெல்லாம் எதுக்கு சார் ஐடி ரிட்டர்ன்?"

விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டைப் பக்கம் யாரிடம் பேசினாலும் இந்தக் கேள்வி வரும். கேட்பவர் பொம்மைக்கு வண்ணம் தீட்டும் பீஸ் ரேட் தொழிலாளியாக இருக்கலாம். செராமிக் டிப்ளமோ முடித்துவிட்டு தரப் பரிசோதனை வேலை பார்க்கும் இளைஞராக இருக்கலாம். நாலு பேரை வைத்து அகல் விளக்கும் ஃப்யூஸ் பீங்கானும் செய்யும் சின்னப் பட்டறைக்காரராகவும் இருக்கலாம். மூவருக்கும் வருமானம் குறைவு, கட்ட வேண்டிய வரி பூஜ்ஜியம். ஆனால் கேள்விக்கான பதில் மூவருக்கும் ஒன்றல்ல. ஒருவர் போடத் தேவையே இல்லை. இன்னொருவருக்குக் கட்டாயம் இல்லை, ஆனால் போடாவிட்டால் கைக்காசு போகும். மூன்றாமவர் சட்டப்படி போட்டே ஆக வேண்டும், அது அவருக்கே தெரியாது.

'பன்னிரண்டு லட்சம் வரை வரி கிடையாது' என்ற செய்தி 2025 பட்ஜெட்டுக்குப் பிறகு எல்லா ஊருக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. 'வரி கிடையாது' என்பதும் 'ரிட்டர்ன் தேவையில்லை' என்பதும் வேறு வேறு என்ற செய்தி மட்டும் போய்ச் சேரவில்லை. அதைத்தான் இங்கே நிதானமாகப் பார்க்கப் போகிறோம்.

இரண்டு எல்லைகள், இரண்டு கேள்விகள்

இங்கே பேசுவது 2025 ஏப்ரல் 1 முதல் 2026 மார்ச் 31 வரை ஈட்டிய வருமானத்தைப் பற்றி. புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டாலும், இந்த ஓராண்டு வருமானத்துக்குப் பொருந்துவது பழைய 1961-ம் ஆண்டுச் சட்டம்தான்.

அந்தச் சட்டத்தில் இரண்டு எல்லைகள் இருக்கின்றன. முதலாவது 4 லட்சம் ரூபாய். புதிய வரி முறையில் இதுதான் அடிப்படை விலக்கு வரம்பு. உங்கள் மொத்த வருமானம் இதைத் தாண்டினால் ரிட்டர்ன் போடுவது கட்டாயம்.

இரண்டாவது 12 லட்சம் ரூபாய். 4 லட்சத்துக்கு மேல் வரி கணக்கிடப்படும். ஆனால் வருமானம் 12 லட்சத்துக்குள் இருந்தால் அந்த வரி முழுவதையும் அரசு தள்ளுபடி செய்துவிடும். ஆகவே கையில் இருந்து எதுவும் கட்ட வேண்டியதில்லை.

கவனிக்க வேண்டியது இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கும் இடம். 4 லட்சத்துக்கு மேல், 12 லட்சத்துக்குள் இருப்பவருக்கு வரி இல்லை, ஆனால் ரிட்டர்ன் உண்டு. தள்ளுபடி என்பது கணக்கைக் காட்டிய பிறகு கிடைப்பது. கணக்கே காட்டாமல், 'எனக்குத் தள்ளுபடி உண்டுல்ல' என்று வீட்டில் உட்கார்ந்திருக்க முடியாது.

நாலு லட்சத்தை எப்படிக் கூட்டுவது?

சம்பளக்காரர்களுக்கு ஒரு சின்ன வசதி உண்டு. புதிய வரி முறையில் சம்பளத்தில் இருந்து 75,000 ரூபாயை நிலையான கழிவாகக் கழித்த பிறகு வருவதுதான் சம்பள வருமானம். அதனால் வேறு எந்த வருமானமும் இல்லாதவருக்கு, ஆண்டுச் சம்பளம் 4,75,000 ரூபாய் வரை ரிட்டர்ன் கட்டாயம் இல்லை.

மூன்று சம்பளங்களை வைத்துப் பார்ப்போம். டைல்ஸ் கம்பெனியில் மாதம் 35,000 ரூபாய் வாங்குபவருக்கு ஆண்டுக்கு 4,20,000. அதில் 75,000 போனால் 3,45,000. நாலு லட்சத்துக்குள் இருக்கிறது, கட்டாயம் இல்லை.

மாதம் 45,000 வாங்குபவருக்கு ஆண்டுக்கு 5,40,000. கழிவு போக 4,65,000. வரி பூஜ்ஜியம்தான், ஆனால் ரிட்டர்ன் கட்டாயம். கடைசி தேதியைத் தவறவிட்டுப் போட்டால் 1,000 ரூபாய் தாமதக் கட்டணம்.

மாதம் 50,000 வாங்குபவருக்கு ஆண்டுக்கு 6 லட்சம். கழிவு போக 5,25,000. இவருக்கும் வரி பூஜ்ஜியம். ஆனால் வருமானம் 5 லட்சத்தைத் தாண்டிவிட்டதால் தாமதக் கட்டணம் 5,000 ரூபாய். ஒரு ரூபாய் வரி இல்லாதவர், தேதி தவறியதற்காக மட்டும் ஐயாயிரம் கட்டுகிறார். 'நமக்குத்தான் வரியே இல்லையே' என்று அசட்டையாக இருந்ததற்கு இதுதான் விலை.

கூட்டும்போது சம்பளத்தோடு நிறுத்திவிடாதீர்கள். சேமிப்புக் கணக்கு வட்டி, எஃப்டி வட்டி, வாடகை, வார இறுதியில் செய்த வேலைக்கு வந்த பணம், பங்கு விற்ற லாபம் எல்லாம் சேரும். எல்ஐசி, பிஎஃப் போன்றவற்றைக் கழித்துவிட்டு 'நாலு லட்சத்துக்குள்ளதான் இருக்கு' என்று சொல்ல முடியாது. அந்தக் கழிவுகளுக்கு முந்தைய தொகையைத்தான் சட்டம் பார்க்கிறது. பழைய வரி முறையைத் தேர்ந்தெடுப்பவர்கள் 60 வயதுக்குள் இருந்தால் அவர்களின் அடிப்படை வரம்பு 2.5 லட்சம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

விருத்தாசலம் பக்கத்தில் பல குடும்பங்களுக்குக் கொஞ்சம் நிலமும் இருக்கும். நெல்லோ முந்திரியோ விற்று வரும் விவசாய வருமானத்துக்கு வரி விலக்கு உண்டு. அது இந்த நாலு லட்சக் கணக்கில் சேராது.

வருமானம் சொல்லாததை ஈபி பில் சொல்லும்

இப்போது பட்டறைக்காரருக்கு வருவோம். அவரைப் போன்றவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள்.

எடுத்துக்காட்டாக, ஒருவர் தன் பெயரில் பட்டறை நடத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு விற்பனை 28 லட்சம் ரூபாய். களிமண், கேஸ், கூலி, உடைசல், லாரி வாடகை எல்லாம் போக மிஞ்சியது 3,10,000. நாலு லட்சத்துக்குள் இருப்பதால் தனக்கு ரிட்டர்ன் தேவையில்லை என்று அவர் நினைக்கிறார்.

ஆனால் மண்ணையும் கல்லையும் அரைக்கும் பால் மில், மண் பிசையும் பக் மில், மோட்டார், விளக்கு எல்லாம் ஓடுவது மின்சாரத்தில். இணைப்பு அவர் பெயரில் இருக்கிறது. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வரும் பில்லில் சராசரியாக 18,700 ரூபாய் கட்டுகிறார். ஆறு பில்லையும் கூட்டினால் 1,12,200 ரூபாய்.

சட்டத்தில் ஒரு தனி விதி இருக்கிறது. ஒருவரின் வருமானம் நாலு லட்சத்துக்குக் கீழே இருந்தாலும், ஆண்டில் மின்சாரத்துக்கு மட்டும் 1 லட்சம் ரூபாய்க்கு மேல் செலவழித்திருந்தால் ரிட்டர்ன் கட்டாயம். வீட்டு மின்சாரம், தொழில் மின்சாரம் என்று அந்த விதி பிரித்துச் சொல்லவில்லை. கம்பெனி, பார்ட்னர்ஷிப் நிறுவனம் ஆகியவை எப்படியும் ரிட்டர்ன் போட வேண்டியவை என்பதால் அவை இந்த விதியில் வராது. தன் பெயரிலேயே தொழில் செய்யும் தனிநபர் வருவார். ஆகவே இந்தப் பட்டறைக்காரர் போட்டே ஆக வேண்டும். தாமதமானால் அவருக்கும் 1,000 ரூபாய் கட்டணம் உண்டு.

இதே போல வருமானத்தைப் பார்க்காமல் செலவையும் வரவையும் பார்க்கும் வேறு சில நிபந்தனைகளும் உண்டு. வெளிநாட்டுப் பயணத்துக்கு, தனக்கோ வேறொருவருக்கோ, 2 லட்சத்துக்கு மேல் செலவழித்திருந்தால் கட்டாயம். சேமிப்புக் கணக்குகளில் ஓராண்டில் போட்ட மொத்தம் 50 லட்சத்தைத் தொட்டாலோ, நடப்புக் கணக்குகளில் 1 கோடியைத் தாண்டினாலோ கட்டாயம். வியாபார விற்பனை 60 லட்சத்தையோ, தொழில்முறைக் கட்டணமாக வந்தது 10 லட்சத்தையோ தாண்டினால் கட்டாயம். வெளிநாட்டில் சொத்தோ வங்கிக் கணக்கோ வைத்திருக்கும் இந்தியவாசிக்கும் கட்டாயம். வளைகுடாவில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பி, அங்கே கணக்கை மூடாமல் விட்டவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கடைசியாக, உங்கள் பெயரில் பிடித்த டிடிஎஸ், டிசிஎஸ் இரண்டும் சேர்ந்து 25,000 ரூபாயைத் தொட்டால் கட்டாயம். 60 வயதானவர்களுக்கு இது 50,000. டிடிஎஸ் 25,000-ஐத் தொடாவிட்டால் சட்டம் உங்களை வற்புறுத்தாது. ஆனால் இழப்பு அங்கேதான் தொடங்குகிறது.

பிடித்த பணம் யாருடையது?

இன்னொரு எடுத்துக்காட்டு. விருத்தாசலத்தில் செராமிக் தொழில்நுட்பம் படித்த ஓர் இளைஞர். உள்ளூர் கம்பெனியில் மாதம் 18,000 ரூபாய் சம்பளம், ஆண்டுக்கு 2,16,000. அதோடு வெளியூர் நிறுவனம் ஒன்றுக்கு மெருகுப் பூச்சுக் கலவை, சூளை வெப்ப அளவு பற்றித் தொழில்நுட்ப ஆலோசனை சொல்கிறார். அதற்கு ஆண்டு முழுக்க 1,20,000 ரூபாய் கட்டணம். அந்த நிறுவனம் 10 சதவீத டிடிஎஸ் பிடித்துக்கொண்டு 1,08,000 ரூபாயை அவர் கணக்கில் போட்டது. மீதி 12,000 ரூபாய் அவருடைய பான் எண்ணில் வருமான வரித்துறைக்குப் போய்விட்டது.

அவர் வருமானத்தைக் கணக்கிடுவோம். சம்பளம் 2,16,000-ல் 75,000 கழித்தால் 1,41,000. ஆலோசனைக் கட்டணத்துக்குச் சட்டத்தில் எளிய வழி ஒன்று உண்டு. பொறியியல், தொழில்நுட்ப ஆலோசனை போன்ற குறிப்பிட்ட தொழில் செய்பவர், வந்த கட்டணத்தில் குறைந்தது பாதியை வருமானமாகக் காட்டினால் போதும். செலவுக் கணக்குப் புத்தகம் வைக்க வேண்டியதில்லை. அப்படிப் பார்த்தால் 60,000. இரண்டும் சேர்த்து 2,01,000 ரூபாய்.

நாலு லட்சத்தில் பாதிதான் வருகிறது. மின்சாரம், வெளிநாட்டுப் பயணம் எதுவும் இல்லை. டிடிஎஸ் 25,000-ஐத் தொடவில்லை. ஆகவே அவர் ரிட்டர்ன் போடத் தேவையே இல்லை. அவர் கட்ட வேண்டிய வரியும் பூஜ்ஜியம். ஆனால் அவருடைய 12,000 ரூபாய் அரசிடம் இருக்கிறது. முக்கால் மாதச் சம்பளத்துக்குப் பக்கமான தொகை அது. தானாகத் திரும்பி வராது. அதைத் திருப்பிக் கேட்கும் விண்ணப்பம் ரிட்டர்ன்தான், வேறு மனு கிடையாது.

பொம்மைக்கு வண்ணம் தீட்டும் தொழிலாளிக்கும் இதே கதைதான், தொகைதான் சின்னது. கம்பெனி தரும் பொம்மையை வாங்கி, கம்பெனி தரும் பெயின்ட்டில் வேலை செய்து கொடுப்பது ஒப்பந்த வேலை. ஆண்டுக்கு மொத்தம் 1 லட்சத்துக்கு மேல் அப்படிக் கூலி கொடுத்தால், டிடிஎஸ் பிடிக்கக் கடமைப்பட்ட நிறுவனம் 1 சதவீதம் பிடிக்கும். 2,40,000 ரூபாய் கூலிக்கு 2,400 ரூபாய். ஆனால் பான் எண் கொடுக்காவிட்டால் 20 சதவீதம், அதாவது 48,000 ரூபாய் போய்விடும். பான் ஆதாருடன் இணையாமல் செயலிழந்து கிடந்தாலும் அதிக விகிதத்தில்தான் பிடிப்பார்கள். 'பான் கார்டெல்லாம் பெரிய ஆளுங்களுக்குத்தானே' என்று நினைப்பவருக்குத்தான் அதிகம் வெட்டு விழுகிறது.

பணம் பிடித்திருக்கிறார்களா என்று எப்படித் தெரியும்?

incometax.gov.in தளத்தில் பான் எண்ணைக் கொண்டு உள்ளே போங்கள். e-File என்ற பட்டியலில் Income Tax Returns என்பதன் கீழ் View Form 26AS என்று இருக்கும். அங்கே மதிப்பீட்டு ஆண்டு கேட்கும். இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். 2025-26-ல் ஈட்டிய பணத்துக்கு மதிப்பீட்டு ஆண்டு 2026-27. மாற்றித் தேர்ந்தெடுத்தால் வேறு ஆண்டின் விவரம் வரும், 'எனக்கு எதுவும் பிடிக்கல' என்று மூடிவிட்டுப் போய்விடுவீர்கள்.

நம் இளைஞரின் 26ஏஎஸ் படிவத்தில் அந்த நிறுவனத்தின் பெயர், கொடுத்த தொகை 1,20,000, பிடித்த வரி 12,000 என்று இருக்க வேண்டும். மூன்றும் சரியாக இருந்தால் பணம் கைக்கு வரும் தூரத்தில் இருக்கிறது.

இல்லை என்றால்? பெரும்பாலும் இரண்டு காரணங்கள். நிறுவனம் பிடித்த பணத்தை அரசுக்குச் செலுத்தி, அதற்கான காலாண்டு அறிக்கையைத் தாக்கல் செய்யாமல் இருக்கலாம். அல்லது பான் எண்ணில் ஓர் எழுத்தோ எண்ணோ மாறி, உங்கள் பணம் வேறொருவர் பெயரில் ஏறியிருக்கலாம். இரண்டையும் நீங்கள் திருத்த முடியாது. நிறுவனம்தான் திருத்த அறிக்கை போட வேண்டும். அதனால் மே, ஜூன் மாதத்திலேயே பார்த்துவிட்டு, நிறுவனத்தின் அக்கவுன்டன்டிடம் 16ஏ படிவம் கேளுங்கள். டிடிஎஸ் பிடித்தவர் அந்தச் சான்றைக் கொடுத்தே ஆக வேண்டும். "அதெல்லாம் ஆடிட்டர்கிட்ட இருக்கு" என்ற பதிலோடு திரும்பிவிடாதீர்கள்.

எந்தப் படிவம், எங்கே தவறும்?

சம்பளம், வட்டி மட்டும் உள்ளவருக்கு ஐடிஆர்-1. ஆலோசனைக் கட்டணம், ஒப்பந்தக் கூலி, சிறு வியாபாரம் ஆகியவற்றை எளிய முறையில் காட்டுபவருக்கு ஐடிஆர்-4. நம் இளைஞருக்குச் சம்பளமும் இருக்கிறது, கட்டணமும் இருக்கிறது. அவருக்கு ஐடிஆர்-4.

எளிதாக இருக்கிறதே என்று அவர் ஐடிஆர்-1 போட்டால் என்ன ஆகும்? 12,000 டிடிஎஸ்-ஐக் கேட்கிறார், ஆனால் அது எந்தக் கட்டணத்தில் பிடிக்கப்பட்டதோ அந்தக் கட்டணம் அவர் ரிட்டர்னில் இல்லை. கணினி இதைக் கண்டுபிடித்துவிடும். ரிட்டர்னில் குறை இருக்கிறது என்று நோட்டீஸ் வரும். அதற்கு 15 நாள்களில் பதில் தர வேண்டும். பார்க்காமல் விட்டால் போட்ட ரிட்டர்னே செல்லாததாகிவிடும். அதனால் தளத்தில் கொடுக்கும் செல்போன் எண்ணும் மின்னஞ்சலும் உங்களுடையதாக இருக்கட்டும். பிரவுசிங் சென்டர்காரருடைய எண்ணைக் கொடுத்தால் நோட்டீஸ் அவருக்குத்தான் போகும்.

பட்டறைக்காரர் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். வருமானம் வரம்புக்குள் இருந்தும் மின்சாரச் செலவு போன்ற காரணத்தால் ரிட்டர்ன் போடுகிறீர்களா என்று படிவத்தின் தொடக்கத்திலேயே ஒரு கேள்வி இருக்கும. அதற்கு 'ஆம்' என்று சொல்லி, மின்சாரச் செலவுத் தொகையையும் குறிப்பிட வேண்டும்.

படிவத்தை அனுப்பிய பிறகு இரண்டு வேலைகள் பாக்கி. ஒன்று, ஆதார் ஓடிபி மூலம் 30 நாள்களுக்குள் சரிபார்க்க வேண்டும். செய்யாவிட்டால் போட்டது கணக்கில் வராது. தாமதமாகச் சரிபார்த்தால் அந்த நாள்தான் நீங்கள் தாக்கல் செய்த நாளாகக் கொள்ளப்படும். மற்றொன்று, ரீஃபண்ட் வரவேண்டிய வங்கிக் கணக்கைத் தளத்தில் முன்கூட்டியே உறுதிப்படுத்தியிருக்க வேண்டும். பான் கார்டில் உள்ள பெயரும் வங்கிக் கணக்கில் உள்ள பெயரும் பொருந்தவில்லை என்றால் ரீஃபண்ட் அங்கேயே நின்றுவிடும். இன்ஷியலை முன்னால் போடுவதா, அப்பா பெயரை முழுதாகப் போடுவதா என்ற நம்மூர்க் குழப்பம் இங்கேயும் வந்து நிற்கும்.

டிசம்பர் 31-ஐ மறக்காதீர்கள்

சம்பளம் மட்டும் உள்ளவர்களுக்கு வழக்கமான கடைசி தேதி ஜூலை 31. தொழில் வருமானம் உள்ளவர்கள் தங்கள் படிவத்துக்கான தேதியைத் தளத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். அந்தத் தேதி தவறினாலும், தாமத ரிட்டர்னை 2026 டிசம்பர் 31 வரை போடலாம்.

நம் இளைஞர் போல, கட்டாயம் இல்லாமல் தானாகப் போடுபவருக்கு ஒரு நல்ல செய்தி. வருமானம் நாலு லட்சத்துக்குள் இருந்து, வேறு எந்த நிபந்தனையிலும் மாட்டாதவருக்குத் தாமதக் கட்டணம் கிடையாது. ரிட்டர்ன் போடக் கடமைப்பட்டவர் தாமதித்தால்தான் அந்தக் கட்டணம். ஆனாலும் உரிய தேதிக்குள் போட்டால், திருப்பித் தரும் தொகைக்கு ஏப்ரல் 1 முதல் மாதம் அரை சதவீத வட்டியும் சேரும். 12,000 ரூபாய்க்கு மாதம் 60 ரூபாய். தாமதமாகப் போட்டால் போட்ட நாளில் இருந்துதான் வட்டி.

டிசம்பர் 31-ம் போய்விட்டால்? அதன் பிறகு 'அப்டேட்டட் ரிட்டர்ன்' என்று ஒன்று இருக்கிறது, நான்கு ஆண்டுகள் வரை போடலாம் என்று யாராவது சொல்வார்கள். உண்மைதான், ஆனால் அது விட்டுப்போன வரியைக் கட்டுவதற்கு. ரீஃபண்ட் கேட்க அதைப் பயன்படுத்த முடியாது. தாமதத்தை மன்னிக்கக் கோரித் துறை அதிகாரிகளுக்கு மனு போட்டு, தகுந்த காரணம் சொல்லி, அவர்கள் ஏற்றுக்கொண்டால்தான் உண்டு. 2,400 ரூபாய்க்கு எந்தத் தொழிலாளி அந்த அலைச்சலுக்குத் தயாராவார்?

ரீஃபண்ட் இல்லை என்றாலும்...

டிடிஎஸ் எதுவும் பிடிக்காதவருக்கும் ரிட்டர்ன் சில இடங்களில் பயன்படும். சம்பளச் சீட்டு இல்லாதவருக்கு அதுதான் வருமானச் சான்று. சொந்தத் தொழில் செய்பவர் வீட்டுக்கடனோ தொழில்கடனோ கேட்டால், வங்கிகள் பொதுவாக இரண்டு, மூன்று ஆண்டு ரிட்டர்னைக் கேட்கின்றன. கடன் தேவைப்படும் மாதத்தில் உட்கார்ந்து மூன்று ஆண்டு ரிட்டர்னை ஒன்றாகத் தயாரிக்க முடியாது.

இன்னொன்று யாரும் பேச விரும்பாத விஷயம். சாலை விபத்தில் ஒருவர் இறந்தால், அவர் குடும்பத்துக்குக் கிடைக்கும் இழப்பீடு அவருடைய வருமானத்தை வைத்துத்தான் கணக்கிடப்படும். தமிழ்நாட்டில் இருந்து போன ஒரு வழக்கில் 2019 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், வருமான வரி ரிட்டர்ன் ஒரு சட்டபூர்வ ஆவணம், அது இருக்கும்போது அதன் அடிப்படையிலேயே ஆண்டு வருமானத்தைத் தீர்மானிக்கலாம் என்றது. இதற்கு இரண்டு முனை உண்டு. ரிட்டர்னே இல்லாத குடும்பம் வருமானத்தை நிரூபிக்கத் திண்டாடும். வரிக்குப் பயந்து வருமானத்தைக் குறைத்துக் காட்டியவரின் குடும்பமோ அந்தக் குறைந்த தொகையோடு நிற்க வேண்டியிருக்கும்.

பட்டறைக்காரருக்கு மூன்றாவது காரணமும் உண்டு. சூளையில் ஒரு லோடு முழுக்க விரிசல் விட்டு, அந்த ஆண்டே நஷ்டத்தில் முடிகிறது என்று வையுங்கள். அந்த நஷ்டத்தை அடுத்த எட்டு ஆண்டுகளின் தொழில் லாபத்தில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் நஷ்டம் வந்த ஆண்டின் ரிட்டர்னை உரிய தேதிக்குள், முறையான கணக்கோடு போட்டிருக்க வேண்டும். டிசம்பர் வரை தள்ளிப்போட்டால் இந்த உரிமை போய்விடும்.

"ரிட்டர்ன் போட்டா சலுகை போயிடுமே?"

இந்தப் பயம் நியாயமானது. ஆனால் விதிகளில் உள்ள சொல்லைக் கவனித்துப் படிக்க வேண்டும். பிஎம் கிசான் திட்டம் விலக்கி வைப்பது முந்தைய மதிப்பீட்டு ஆண்டில் வருமான வரி கட்டியவர்களை. அடல் பென்ஷன் திட்டத்தில் 2022 அக்டோபர் 1 முதல் சேர முடியாதவர்கள் வரி செலுத்தக் கடமைப்பட்டவர்கள். பூஜ்ஜிய வரியோடு ரிட்டர்ன் போட்டவர் வரி கட்டியவர் ஆகமாட்டார். கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் 2023 செப்டம்பரில் தொடங்கியபோது வைத்த வரம்பு, குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சம். அங்கே கேள்வி குடும்பத்தின் மொத்த வருமானம் எவ்வளவு என்பதுதான்.

எனவே ஆபத்து ரிட்டர்னில் இல்லை, அதில் எழுதும் பொய்யில் இருக்கிறது. கடனுக்காக 2 லட்ச வருமானத்தை 5 லட்சம் என்று ஊதிக் காட்டச் சொல்லும் தரகர்கள் இருக்கிறார்கள். அப்படிக் காட்டிய தொகை நாளை சலுகைக்கு விண்ணப்பிக்கும்போது உங்களுக்கு எதிராகவே நிற்கும். இன்னொரு பக்கம், 'ரீஃபண்ட் நிறைய வாங்கித் தரேன், அதில் எனக்கு இத்தனை பர்சென்ட்' என்று வருபவர்கள். இல்லாத கழிவுகளைக் காட்டி ரீஃபண்ட் வாங்கிக் கொடுத்த இடைத்தரகர்கள் மீது 2025 ஜூலையில் தமிழ்நாடு உட்படப் பல மாநிலங்களில் வருமான வரித்துறை சோதனை நடத்தியது. தரகர் போய்விடுவார், ரிட்டர்னில் இருப்பது உங்கள் பெயர்.

யார் என்ன செய்ய வேண்டும்?

மாதம் 18,000 சம்பளம் மட்டும் வாங்குபவர், டிடிஎஸ் எதுவும் இல்லை, கடன் திட்டமும் இல்லை என்றால் நிம்மதியாக விட்டுவிடலாம். எல்லோரும் போட்டே தீர வேண்டும் என்று பயமுறுத்துவது சரியல்ல. ஆனால் விடுவதற்கு முன் ஒரு முறை 26ஏஎஸ் பார்த்துவிட்டு விடுங்கள். அங்கே ஒரு தொகை இருந்தால் அது உங்கள் பணம். பட்டறை வைத்திருப்பவர்கள் ஆறு ஈபி பில்லையும் எடுத்துக் கூட்டிப் பாருங்கள்.

கடைசியாக ஒரு வார்த்தை, டிடிஎஸ் பிடிக்கும் கம்பெனிகளுக்கு. வண்ணம் தீட்டும் கைகளில் இருந்து பிடித்த ஒரு சதவீதம் உங்களுக்குக் கணக்கில் ஒரு வரி. அவர்களுக்கு அது இரண்டு வார மளிகை. சரியான பான் எண்ணோடு அறிக்கை தாக்கல் செய்வதும், கேட்காமலேயே 16ஏ படிவத்தைக் கையில் கொடுப்பதும் நீங்கள் செய்யும் உதவி அல்ல, சட்டம் உங்களுக்கு வைத்த கடமை. கூலிப் பட்டுவாடா செய்யும் நாளில் அந்த ஒரு தாளையும் சேர்த்துக் கொடுத்தால், டிசம்பர் 31-க்குள் அந்தப் பணம் உரியவர் கணக்குக்குத் திரும்பும் வழி திறந்துவிடும்.